பாஸ்வேர்டு 14 எழுத்து, பேனலுக்குத் தெரிந்தது எட்டு

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஐடி பார்க்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு ஆள் வந்தாலும் நான்தான் போய் நிற்க வேண்டும். சென்ற வருடம் ஒரு பழைய பேனலுக்காக நிர்வாகத்திடம் பாதுகாப்பு விதிவிலக்கு கேட்டு எழுதினேன். அந்தக் கடிதம் இரண்டு முறை திரும்பி வந்தது. திரும்பிய ஒவ்வொரு முறையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது.

பேனல் இருப்பது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். நாங்கள் ஈடிபி என்போம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியதே, அதில் பழைய கண்ட்ரோல் போர்டு நனைந்து போய், அடுத்த வருடம் வாங்கி மாட்டியது இந்தத் தொடுதிரை பேனல். அமிலமும் காஸ்டிக்கும் எவ்வளவு போக வேண்டும், கடைசித் தொட்டியின் பிஎச் எதில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் அமைக்கிறோம். வெளியே போகும் நீரின் பிஎச் 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். ஷிஃப்ட் இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் அங்கே நடந்து போகாமல் கண்ட்ரோல் ரூமிலிருந்தே திரையைப் பார்க்க, பேனலுக்குள் ஒரு விஎன்சி சர்வர் ஓடுகிறது.

எங்கள் பாஸ்வேர்டு கொள்கைப்படி குறைந்தது 14 எழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்க வேண்டும். நான் வைத்திருந்த பாஸ்வேர்டு இது. மாற்றியாகிவிட்டது, அதனால் எழுதலாம்.

```
Cuddalore@2019
```

எண்ணிப் பாருங்கள், சரியாக 14. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி, எண் எல்லாம் உண்டு. தணிக்கைப் பட்டியலில் இந்தப் பேனலுக்கு நேரே "இணக்கம்: ஆம்" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஈடிபி இன்சார்ஜ் அண்ணன் போன் செய்தார். "தம்பி, கண்ணாடி போடாம பாஸ்வேர்டு அடிச்சேன். கடைசில என்னமோ தப்பா அடிச்சிட்டேன். ஆனா தொறந்துடுச்சுப்பா." முதலில் நம்பவில்லை. போய் உட்கார்ந்து `Cuddalore@9999` என்று அடித்தேன், திறந்தது. `CuddalorXYZ` என்றேன், திறந்தது. வெறும் `Cuddalor` என்று எட்டு எழுத்தோடு நிறுத்தினேன், அதற்கும் திறந்தது. `Cuddalo` என்று ஏழில் நிறுத்தியபோதுதான் மறுத்தது. கொள்கை கேட்ட எண்ணும் குறியும் ஒன்பதாவது எழுத்துக்கு அப்புறம் இருந்தன. பேனல் அவற்றைப் பார்க்கவே இல்லை. கடலூரில் இருக்கும் ஆலைக்குக் கடலூர் என்ற பெயரில் கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டு வைத்திருந்திருக்கிறேன்.

இது அந்தப் பேனல் கம்பெனியின் கோளாறு இல்லை. விஎன்சியின் பழைய அடையாளச் சோதனையே அப்படித்தான். விஎன்சி எப்படிப் பேச வேண்டும் என்று விவரிக்கும், 2011-ல் வெளியான ஆர்எஃப்சி 6143 என்ற ஆவணம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சர்வர் 16 பைட் சீரற்ற எண் ஒன்றை அனுப்பும். எதிர்ப்பக்கம் பாஸ்வேர்டையே சாவியாக வைத்து அதை டெஸ் முறையில் பூட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சாவிக்கு எட்டு பைட்தான் இடம். பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் மிச்சத்தை வெட்டிவிடும், குட்டையாக இருந்தால் பூஜ்யத்தால் நிரப்பிக்கொள்ளும். நீளமாக அடிக்காதே என்று எந்த எச்சரிக்கையும் வராது. பெட்டியில் 14 புள்ளி தெரியும், "சேமிக்கப்பட்டது" என்றும் வரும். அதனால் உங்களிடம் பழைய பேனல், பழைய கேமரா ரெக்கார்டர் என்று ஏதாவது இருந்தால், நீளமான பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பது போதாது. வேண்டுமென்றே வாலைத் தப்பாக அடித்துப் பாருங்கள்.

அன்றைக்கு ராத்திரியே முதல் கடிதம் எழுதினேன். "ஈடிபி பேனல் பழையது. 8 எழுத்துக்கு மேல் ஏற்காது. பாஸ்வேர்டு கொள்கையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன்." மூன்றே வரி. கூடவே அதன் ஐபி முகவரியும், புரியட்டும் என்று பழைய பாஸ்வேர்டும். ஆறு பேருக்கு நகல் போட்டிருந்தேன்.

சென்னையில் தகவல் பாதுகாப்பு பார்க்கும் மேடம் அடுத்த நாள் காலையில் முதலில் திட்டியது நகலுக்காக. "எந்த மெஷின்ல பூட்டு வேலை செய்யலன்னு முகவரியோட ஆறு பேருக்கு அனுப்பியிருக்கீங்க." விதிவிலக்குப் பட்டியல் என்பது திருடன் கையில் கிடைத்தால் வரைபடம். அதற்கப்புறம் கடிதத்தில் சொத்து எண் மட்டும் எழுதினேன். முகவரியும் நெட்வொர்க் படமும் தனிக் கோப்பில், மூன்று பேர் மட்டும் திறக்கும் இடத்தில் இருக்கின்றன.

அப்புறம் அவர் கேட்டது, "கொள்கைன்னா எந்த விதி?" நீளம் என்று சொன்னேன். "அது மட்டுமா?" யோசித்தால் மூன்று இருந்தன. நீளம் ஒன்று. ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்ற விதி இரண்டாவது: விஎன்சியின் இந்தச் சோதனையில் பயனர் பெயரே கிடையாது, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஐந்து முறை தப்பாக அடித்தால் பூட்ட வேண்டும் என்பது மூன்றாவது. இருபது முறை தப்பாக அடித்துப் பார்த்தேன், பேனல் அசரவில்லை. நீளத்துக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கியிருந்தால் மற்ற இரண்டும் யாருக்கும் தெரியாத மீறலாகவே கிடந்திருக்கும். 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதியை எங்களால் கடைப்பிடிக்க முடியும், அதனால் அதைக் கேட்கவில்லை. தேவையில்லாததையும் சேர்த்துக் கேட்டால் கொடுப்பவருக்குச் சந்தேகம் வரும், அதுவும் நியாயம்தான்.

"முடியாது" என்பதற்கும் ஆதாரம் கேட்டார். பேனல் கொடுத்தவர்களிடம் போனில் பேசி, இந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் வராது என்று கேட்டு வைத்திருந்தேன். போனில் சொன்னது தணிக்கையில் நிற்காது. மாடல் எண், இப்போதுள்ள ஃபர்ம்வேர் எண் இரண்டையும் போட்டு மெயிலில் பதில் வாங்க ஒன்பது நாள் ஆனது. நான் அடித்துப் பார்த்த சோதனைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி அதனுடன் சேர்த்தேன்.

இரண்டாவது கடிதம் நான்கு பக்கம். அதை எங்கள் ஆலைத் தலைவரிடம் அனுப்பச் சொன்னார் மேடம். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பாதுகாப்பு விஷயம்தானே, நீங்களே கையெழுத்துப் போடலாமே என்றேன். "நான் பரிந்துரை செய்யலாம். தண்ணி கெட்டுப் போனா பதில் சொல்றது யாரு, நானா?" என்றார். ஈடிபியில் ஏதாவது நடந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன்னால் போய் நிற்பவர் ஆலைத் தலைவர். ஆபத்தை ஏற்கும் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் போட்டால், என்னுடையதல்லாத பணத்துக்கு ஜாமீன் போட்ட மாதிரி.

ஆலைத் தலைவர் முப்பது வருடம் ரியாக்டர் பக்கத்தில் நின்றவர். கடிதத்தை இரண்டு பக்கம் புரட்டினார். அதில் டெஸ், சேலஞ்ச் ரெஸ்பான்ஸ், இடைமறிப்புத் தாக்குதல் என்று நிறைய எழுதியிருந்தேன். "எல்லாம் சரி. இதுல என் தண்ணி எங்கப்பா இருக்கு?" என்றார். அவ்வளவுதான், கடிதம் திரும்பிவிட்டது.

வெளியே வந்து அண்ணனோடு உட்கார்ந்தேன். யாராவது அந்த எட்டு எழுத்தைக் கண்டுபிடித்து உள்ளே வந்தால் நிஜமாகவே என்ன செய்ய முடியும்? அமிலம், காஸ்டிக் செட்பாயிண்டை மாற்றலாம். கடைசித் தொட்டி பிஎச் 9-ஐத் தாண்டலாம். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியே போகுமா? போகாது என்றார் அண்ணன். வெளியேறும் குழாயில் தனியாக ஒரு பிஎச் மீட்டர் இருக்கிறது. அளவு தாண்டினால் அது வால்வை மூடிவிடும். அந்த மீட்டரிலிருந்து ரிலேவுக்கு நேரடி ஒயர், பேனலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். "தனி இன்டர்லாக் இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனேன்.

"பார்த்தியா?" என்றார் ஆலைத் தலைவர்.

பார்க்கவில்லை. மறுநாள் தண்ணீர் போகாத நேரமாகப் பார்த்து, அண்ணன் எலக்ட்ரோடை வெளியே எடுத்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பிஎச் 10.01 பஃபர் கரைசலில் வைத்தார். மீட்டர் மெல்ல ஏறி 10 காட்டியது. வால்வு அசையவே இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்த்தால் இன்டர்லாக்கின் சாவி, அதை வேலை செய்யவிடாத பைபாஸ் நிலையில் இருந்தது. முந்தைய அளவுத்திருத்தத்தின்போது திருப்பியவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். சாவியைத் திருப்பி மறுபடி முக்கியபோது "டக்" என்று வால்வு மூடிய சத்தம் கேட்டது. பாஸ்வேர்டு விதிவிலக்குக்காகப் போய், அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தோம். சாவி இப்போது ஷிஃப்ட் இன்சார்ஜ் மேசையில். எடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பாஸ்வேர்டை நீளமாக்க முடியாது என்று ஆன பிறகு, அதைச் சுற்றி என்ன செய்யலாம் என்பதுதான் மிச்சக் கேள்வி. முதலில் தேவையைக் குறைத்தோம். ஷிஃப்ட் இன்ஜினியர்களுக்குத் திரையைப் பார்த்தால் போதும், தூரத்திலிருந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை. எங்கள் பேனலின் விஎன்சியில், பார்க்க மட்டும் விடும் அமைப்பு இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கட்டுப்படுத்தும் வசதியை அணைத்தோம். செட்பாயிண்ட் மாற்ற வேண்டுமானால் பேனல் முன்னால் போய் நிற்க வேண்டும். அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், வீட்டிலிருந்து மாற்றும் வசதி போயிற்று என்று. வீட்டிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்தது கம்பி. அந்தச் சோதனையில், சர்வர் அனுப்பும் எண்ணும் அதற்கு வரும் பதிலும் ஒயரில் திறந்தபடி போகின்றன. இரண்டையும் பிடித்துக்கொண்டவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அங்கே ஐந்து முறைப் பூட்டு இருந்தாலும் பயனில்லை. ஆகவே அந்த ஒயரில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பேனலை நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்த ஒரு விலானில் போட்டு, கண்ட்ரோல் ரூமில் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அதன் 5900 போர்ட்டைத் தொடலாம் என்று ஃபயர்வாலில் விதி எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு, 14 எழுத்து, ஐந்து முறைப் பூட்டு எல்லாம் உண்டு. பேனலால் முடியாததை அதற்குள் நுழையும் வாசல் செய்கிறது. யார் எப்போது உள்ளே வந்தார் என்பதும் அங்கே பதிவாகிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவுப்படி பதிவுகளை எப்படியும் 180 நாள் வைத்திருக்கிறோம், இதுவும் அதில் சேர்ந்தது.

பேனலின் பாஸ்வேர்டு எட்டு எழுத்துதான், ஆனால் இப்போது ஊர்ப் பெயர் இல்லை. சீரற்ற எட்டு.

விதி எழுதினேன் என்று சொன்னால் போதாது என்று அதற்குள் புத்தி வந்திருந்தது. அலுவலகத்தில் ஒரு சாதாரண கம்ப்யூட்டரிலிருந்து பவர்ஷெல்லில் இதை ஓட்டினேன். முகவரியை மாற்றியிருக்கிறேன்.

```
Test-NetConnection 192.168.40.21 -Port 5900
```

கடைசி வரியில் `TcpTestSucceeded : False` என்று வந்தது. கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் அதே கட்டளைக்கு `True`. இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் கடிதத்தோடு இணைத்தேன். இரண்டாவதும் வேண்டும். அது இல்லாமல் `False` மட்டும் காட்டினால், பேனல் அணைந்திருந்தாலும் அதேதான் வரும்.

மூன்றாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் ஆலைத் தலைவருக்காக எழுதிய பத்தி இது:

"மேற்சொன்ன ஏற்பாடுகளுக்குப் பிறகும் மிஞ்சும் ஆபத்து: கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குள் நுழைந்த ஒருவர் ஈடிபி திரையைப் பார்க்க முடியும். செட்பாயிண்டை மாற்ற முடியாது. ஒருவேளை பார்க்க மட்டும் என்ற அமைப்பை மீறி மாற்றிவிட்டாலும், வெளியேறும் வால்வு தனி மீட்டரால் மூடும், இது பரிசோதிக்கப்பட்டது. அப்போது தொட்டி நிரம்பி உற்பத்தியைக் குறைக்க நேரிடலாம். இந்த ஆபத்தை ஏப்ரல் ஷட்டவுன் முடியும் வரை ஏற்றுக்கொள்ளக் கோருகிறோம்."

ஏப்ரல் என்று போட்டதற்குக் காரணம் இருந்தது. புதுப் பேனல் மாட்ட ஈடிபியை இரண்டு நாள் நிறுத்த வேண்டும், வருடாந்திர ஷட்டவுனில் மட்டும்தான் அது முடியும். பேனலின் விலைப்புள்ளியையும் இணைத்தேன். "மாற்று கிடைக்கும் வரை" என்று எழுதியிருந்தால் மேடம் நிச்சயம் திருப்பியிருப்பார். காலக்கெடு இல்லாத விதிவிலக்குக்குப் பெயர் கொள்கை மாற்றம் என்பார் அவர்.

ஆலைத் தலைவர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். "தொட்டி எத்தனை மணி நேரத்துல நிரம்பும்?" என்று கேட்டார். அண்ணன் ஆறு மணி நேரம் என்றார். அதையும் பேனாவால் ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கீழே தன் பங்குக்கு ஒரு நிபந்தனை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்டர்லாக்கும் ஃபயர்வாலும் சோதித்துக் காட்ட வேண்டும்.

முதல் மூன்று மாதச் சோதனையில் மாட்டியது நான்தான். அலுவலகக் கம்ப்யூட்டரில் அதே கட்டளையை ஓட்டினேன். `True`. கை உதறியது. தேடிப் பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப் பழுதுக்கு வந்த ஒப்பந்தக்காரர் திரையைப் பார்க்க வேண்டும் என்றார். "ஒரு மணி நேரம்தானே" என்று விதியைத் திறந்துவிட்டு, மூட மறந்திருந்தேன். ஐந்து வாரமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. மூடிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆலைத் தலைவர் போட்ட கையெழுத்து அந்த விதி மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. சொன்னேன். அந்த ஐந்து வாரத்துக்கான ஃபயர்வால் பதிவைப் பார்த்தோம். திறந்திருந்த அந்த விதி வழியாகப் பேனலைத் தொட்டது, என் சோதனையைத் தவிர, ஒப்பந்தக்காரரின் லேப்டாப் மட்டும்தான், அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும். திட்டு விழுந்தது, விதிவிலக்கு பிழைத்தது. இப்போது தற்காலிக விதி எழுதினால், அதிலேயே முடியும் நேரமும் போட்டுவிடுகிறேன். எங்கள் ஃபயர்வாலில் அந்த வசதி முதலிலிருந்தே இருந்தது.

ஷட்டவுன் ஏப்ரலில் நடக்கவில்லை, ஜூனுக்குத் தள்ளிப் போனது. பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி நீட்டலாம் என்று நினைத்தேன். மேடம் விடவில்லை. முந்தைய மூன்று மாதத்தில் என்ன நடந்தது, ஏன் தள்ளிப் போனது, புதுப் பேனலுக்கு ஆர்டர் போட்டாயிற்றா என்று கேட்டார். ஆர்டர் எண்ணைக் கொடுத்த பிறகுதான் ஜூன் 30 வரை கிடைத்தது.

ஜூனில் பழைய பேனலைக் கழற்றினோம். பின்புறம், ஒயருக்கு நடுவே, மஞ்சளாகிப் போன ஒரு டேப்பில் மார்க்கரால் ஒரு பாஸ்வேர்டு எழுதியிருந்தது. மாட்டியவர் அப்போது வைத்ததாக இருக்கும். ஆறு எழுத்து.

புதுப் பேனலில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது, ஒயரில் போவதும் மறையாக்கப்பட்டுப் போகிறது. 14 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, அதன் முதல் எட்டு எழுத்தை மட்டும் அடித்தேன். மறுத்தது. 13 எழுத்து அடித்தேன், மறுத்தது. கடைசி எழுத்தைத் தப்பாக அடித்தேன், அதற்கும் மறுத்தது. "இருப்பா, நான் ஒருதரம்" என்று அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கணக்கில் அடித்தார். ஐந்து முறை ஆனது, பூட்டிக்கொண்டது. அதைப் படம் எடுத்து இணைத்து, பதிவேட்டில் அந்த விதிவிலக்குக்கு நேரே "முடிக்கப்பட்டது" என்று எழுதினேன். அப்புறம் அண்ணனின் கணக்கைத் திறந்துகொடுத்தேன்.